படத்தின் நிறமும் அலை வந்த நேரமும்

பூமிக்குள் அமிழ்ந்துகொண்டிருக்கும் தட்டுகள் எல்லாம் கணினி தீட்டிய கற்பனை என்று எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். ரஷ்யாவின் கோலாவில் போட்ட துளையே 12 கிலோமீட்டர்தான், அதற்குக் கீழே யார் போய்ப் பார்த்தார்கள் என்று கேட்கிறார். பெரிய நிலநடுக்கத்தின் அலைகள் பூமியை ஊடுருவி மறுபக்கம் வரை போய்வருகின்றன என்ற பள்ளிப் பாடத்தையே மறந்தவரின் கேள்வி இது.

அவர் கற்பனை என்று தள்ளும் டோமோகிராஃபி படத்தின் நீலமும் சிவப்பும் கணினி இட்ட நிறங்கள்தாம். அவற்றுக்கு அடியில் இருப்பவை கடிகார அளவீடுகள். தென் அமெரிக்காவில் ஒரு நிலநடுக்கம். அதன் முதல் அலையான பி அலை, வட அமெரிக்க நிலையம் ஒன்றை ஒன்பது, பத்து நிமிடத்தில் எட்டுகிறது. ஆயிரம் கிலோமீட்டர் ஆழத்தில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 11.5 கிலோமீட்டர். வழியில் 600 கிலோமீட்டர் தூரம், சுற்றியுள்ள பாறையைவிடக் குளிர்ந்த, ஒரு விழுக்காடு வேகமான பாறையைக் கடந்தால், அலை அரை நொடி முன்னதாகவே வந்துவிடும். டோமோகிராஃபி இந்த அரை நொடிகளிலிருந்துதான் தொடங்குகிறது. ஒரு கதிர் மட்டும் இருந்தால் வேகமான பாறை அதன் பாதையில் எங்கே இருக்கிறது என்று சொல்லவே முடியாது. பல திசைகளிலிருந்து லட்சக்கணக்கான கதிர்கள் ஒன்றையொன்று வெட்டும்போதுதான் இடம் பிடிபடும்.

கதிர்கள் ஒரே திசையில் போகும் இடங்களில் பிம்பம் அந்தத் திசையிலேயே இழுபட்டு நீளும். இதைக் கட்டுரையாளர் ஏதோ மறைக்கப்பட்ட ரகசியம்போல அம்பலப்படுத்துகிறார். அம்பலப்படுத்த எதுவும் இல்லை! அதைக் கண்டுபிடிக்கும் சதுரங்கப் பலகைச் சோதனை இத்துறையின் அன்றாட வேலை. வேகமும் மந்தமும் கட்டம் கட்டமாக மாறிவரும் ஒரு பொய்ப் பூமியைக் கணினியில் செய்து, உண்மைக் கதிர்களின் அதே பாதைகளில் நேரங்களைக் கணக்கிட்டு, அந்த நேரங்களிலிருந்து கட்டங்களை மீட்டுப் பார்ப்பார்கள். கட்டம் குலைந்து வரும் இடத்தில் படத்தை நம்புவதில்லை.

"குழுவுக்குக் குழு படம் மாறுகிறது" என்பது அவருடைய கடைசி ஆயுதம். சின்னச் சின்ன விவரங்களும் நிறத்தின் அடர்த்தியும் மாறும், உண்மை. ஆனால் 1997இல் வான் டெர் ஹில்ஸ்ட் குழு பி அலைகளிலிருந்தும், ஸ்டீவ் கிராண்ட் எஸ் அலைகளிலிருந்தும் தனித்தனியே படம் வரைந்தார்கள். இரண்டிலும் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலிருந்து கரீபியன் வரை, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், ஒரே நீண்ட வேகப் பட்டை தெரிந்தது. அதுதான் ஃபரல்லான் தட்டு. அப்படி ஒரு தட்டு வட அமெரிக்காவுக்கு அடியில் போய்விட்டது என்பது அந்தப் படங்களுக்கு முன்பே தெரிந்த செய்தி. பசிபிக் தரையின் காந்தப் பட்டைகள் மேற்குப் பாதியோடு நின்றுவிடுகின்றன. அவற்றின் இணைப் பாதி மேற்பரப்பில் எங்கும் இல்லை.

வேகமான பாறை எல்லாமே குளிர்ந்த தட்டுதான் என்று நான் சொல்லவில்லை, பாறையின் வேதிக் கலவையும் வேகத்தை மாற்றும். ஆனால் இந்த வேகப் பட்டையே பொய் என்பவர் செய்ய வேண்டிய வேலை வேறு. அலைகள் வந்துசேர்ந்த நேரங்கள் சர்வதேச நிலநடுக்க மையத்தின் பதிவேட்டில் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. அந்தப் பட்டை இல்லாத ஒரு பூமியை வைத்து அதே நேரங்களை அவர் வரவழைத்துக் காட்டட்டும்.