பனடோலுக்கும் பரசிட்டமோலுக்கும் நடுவில் நாம் கொடுக்கும் காசு



நமதூரில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கடைக்குப் போகிறவர் "பரசிட்டமோல் தாங்க" என்று கேட்பதில்லை. "பனடோல் கார்ட் ஒண்டு தாங்க" என்றுதான் கேட்பார். பனடோல் என்பது ஒரு கம்பனி தன் குளிசைக்கு வைத்த பெயர். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் பரசிட்டமோல். கம்பனி வைத்த பெயர் மருந்தின் பெயரையே நம் வாயிலிருந்து விரட்டிவிட்டது. வியாபாரப் பெயருக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. நமக்கு இது நட்டம் என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறோம்.

ஒரு பெயருக்கு என்ன மதிப்பு என்று கண்டுபிடிப்பது லேசு. ஒரே பொருள், பெயர் ஒட்டியது ஒன்று, பெயர் பெறாதது ஒன்று. இரண்டுக்கும் இடையே விலையில் எவ்வளவு கூடக் கொடுக்க மக்கள் மனமுவந்து தயாராக இருக்கிறார்களோ, அதுதான் அந்தப் பெயரின் மதிப்பு. கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஒரு குளிசை 2 ரூபாய், பெயர் பெற்றது 5 ரூபாய். மாதம் 20 குளிசை செலவாகும் வீட்டில் வித்தியாசம் 60 ரூபாய், வருடத்துக்கு 720 ரூபாய். "இதெல்லாம் ஒரு காசா?" என்பீர்கள். அந்த எண்ணத்தில்தான் பெயர் வாழ்கிறது. ஒரு வீட்டுக்குச் சில்லறை. இலட்சக்கணக்கான வீடுகளைச் சேர்த்தால் அது கம்பனியின் சொத்து. தொழிற்சாலை, இயந்திரம் எல்லாவற்றையும் விட அந்தச் சொத்து பெறுமதியாக இருப்பதும் உண்டு.

மக்கள் ஏன் கூடக் கொடுக்கிறார்கள்? முட்டாள்கள் என்பதாலா? இல்லை. ஒரு குளிசையைப் பார்த்து அதன் தரத்தைச் சொல்ல யாராலும் முடியாது. நெருப்பாய்க் கொதிக்கும் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் உம்மாவுக்கு மூன்று ரூபாய் மிச்சம் பெரிதல்ல. "பிழைச்சுப் போனா?" என்ற பயம்தான் பெரிது. அவர் மருந்தோடு சேர்த்து நிம்மதியையும் வாங்குகிறார். 2023இல் தரமற்ற மருந்து விவகாரம் இந்த நாட்டில் வெடித்த பிறகு அந்தப் பயத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1981இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை ஒன்றில் ஒரு ஆய்வு வந்தது. தலைவலிக்குக் குளிசை பாவிக்கும் 835 பெண்களை நான்கு கூட்டமாகப் பிரித்தார்கள். சிலருக்குப் பிரபல பெயருள்ள பெட்டியில் அஸ்பிரின், சிலருக்குப் பெயரில்லாத பெட்டியில் அஸ்பிரின். மற்ற இரு கூட்டத்துக்கும் அதே இரண்டு விதமான பெட்டிகளில் மருந்தே இல்லாத வெறும் குளிசை. அஸ்பிரின் வெறும் குளிசையை விட நன்றாக வேலை செய்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் பெயருள்ள பெட்டியில் வந்தவை பெயரில்லாதவற்றை விடக் கூடுதலாக வலியைக் குறைத்தன. ஆகவே "எனக்குப் பனடோல்தான் கேக்கும்" என்று சொல்லும் மூத்தம்மா பொய் சொல்லவில்லை. நம்பிக்கையும் கொஞ்சம் வேலை செய்கிறது.

அப்படியானால் கொடுத்துவிட்டுப் போவோமே என்கிறீர்களா? மருந்தைத் தெரிந்தவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் பொருளியல் அறிஞர்கள் நால்வர் இதை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். தலைவலி மருந்து வாங்கும்போது சாதாரண மக்கள் 26 வீதம் பிரபல பெயரை எடுத்தார்கள். மருந்தாளர்கள் தங்கள் சொந்த வீட்டுக்கு வாங்கும்போது 9 வீதம்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்தவர் பெயருக்குக் காசு கொடுப்பது குறைகிறது. ஆகவே கூட்டிக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி தரத்துக்குப் போவதில்லை. நம் அறியாமைக்கான கட்டணமாகப் போகிறது.

உள்ளே இருப்பது என்ன? 500 மில்லிகிராம் பரசிட்டமோல். பிரித்தானிய மருந்து நியமத்தின்படி ஒரு குளிசையில் சொன்ன அளவில் 95 முதல் 105 வீதம் வரை இருக்க வேண்டும், அதாவது 475 முதல் 525 மில்லிகிராம். பெயர் பெற்றதற்குத் தனி நியமம் கிடையாது. இந்த நாட்டில் விற்க வேண்டுமானால் எந்தக் கம்பனியும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையில் பதிய வேண்டும். தரத்தைப் பார்க்க நமது வரியில் ஒரு அமைப்பை வைத்திருக்கிறோம். அதே நிம்மதியைக் கடையில் இரண்டாம் முறையும் விலைக்கு வாங்குகிறோம். அந்த அமைப்பு சரியாக வேலை செய்யவில்லை என்றால் கேள்வி கேட்க வேண்டியது அதைத்தான். கூடிய விலை கொடுத்து வாயை மூடிக்கொள்வது தீர்வாகாது.

காசு போவதோடு முடிந்தால் இதை எழுதியிருக்க மாட்டோம். பெயர் உள்ளிருப்பதை மறைத்துவிடுகிறது. அதுதான் ஆபத்து. தடிமலுக்கு விற்கும் பல கூட்டுக் குளிசைகளிலும் பரசிட்டமோல் இருக்கிறது. "அது தடிமலுக்கு, இது காய்ச்சலுக்கு" என்று நினைத்து இரண்டையும் போட்டால் ஒரே மருந்து இரட்டிப்பாகிறது. வளர்ந்த ஒருவருக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு, அதுதான் எல்லை. தாண்டினால் ஈரல் பழுதாகும், அது முதல் நாளில் வெளியே தெரியாது. பிள்ளைகளுக்கோ அளவு உடல் நிறையைப் பொறுத்தது. பனடோல் எக்ஸ்ட்ராவில் பரசிட்டமோலோடு கஃபீனும் இருக்கிறது. பெயர் ஒன்று, உள்ளடக்கம் வேறு.

இதே பெயர் விளையாட்டு அவுஸ்திரேலியாவில் நீதிமன்றம் வரை போனது. நியூரோஃபென் என்ற பெயரில் முதுகுவலிக்கு ஒன்று, மாதவிடாய் வலிக்கு ஒன்று, ஒற்றைத் தலைவலிக்கு ஒன்று என்று தனித்தனிப் பெட்டிகள். விலை சாதாரண நியூரோஃபெனைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. எல்லாப் பெட்டியிலும் இருந்தது ஒரே மருந்து, ஒரே அளவு. 2015இல் சமஷ்டி நீதிமன்றம் அது மக்களைத் தவறாக வழிநடத்தியது என்று தீர்ப்பளித்தது. அடுத்த வருடம் அபராதம் 60 இலட்சம் அவுஸ்திரேலிய டொலராக உயர்ந்தது. பெட்டியின் பின்பக்கத்தை வாசித்தவர் ஒருவரும் ஏமாந்திருக்க மாட்டார்.

இந்த நாட்டுக்கு இது புதிய பாடமுமல்ல. பேராசிரியர் சேனக பிபிலே 1970களிலேயே இதைச் சொன்னார். மருந்தைக் கம்பனிப் பெயரால் அல்ல, மருந்தின் பெயரால் வாங்குங்கள் என்றார். 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே. அரை நூற்றாண்டு கடந்தும் நம் வாயில் கம்பனிப் பெயர்தான் நிற்கிறது.

எல்லா மருந்துக்கும் இதைச் சொல்லவில்லை. வலிப்புக்கும் இரத்தம் உறையாமல் இருப்பதற்கும் குடிக்கும் சில மருந்துகளில் சிறு வித்தியாசமும் பெரிதாகும். அவற்றை டொக்டரைக் கேட்காமல் ஒரு கம்பனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக் கூடாது. நாம் பேசுவது காய்ச்சல் குளிசையைப் பற்றி.

ஆகவே நாளை பாமசிக்குப் போனால் "பரசிட்டமோல் 500 தாங்க" என்று கேளுங்கள். கார்ட்டின் பின்னால் மருந்தின் பெயர், மில்லிகிராம், காலாவதித் திகதி மூன்றையும் வாசியுங்கள். வாசித்த பிறகும் பனடோல்தான் வேண்டுமென்றால் தாராளமாக வாங்குங்கள், அது உங்கள் காசு, உங்கள் உரிமை. பாமசிக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறோம்: ஏழை ஒருவர் "பனடோல்" என்று வந்து நின்றால், விலை குறைந்த பரசிட்டமோலும் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கு எதை எடுத்துப் போவீர்களோ, அதை அவருக்கும் காட்டுங்கள்.