மருந்து அடிக்காவிட்டால் போதுமா?

போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டம் பார்க்கப் போகிறவர்களிடம் ஒரு பேச்சு ஊறிப்போயிருக்கிறது: "நாங்கதான் மருந்தே அடிக்கிறதில்லையே, எங்க காய் ஆர்கானிக்தான். சர்டிபிகேட் வெறும் காகிதம்." முதல் பாதி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இரண்டாம் பாதி அதிலிருந்து வராது.

நீங்கள் அடிக்கவில்லை, சரி. மேல்சரிவுக்காரர்? ஏலத்துக்கு ஆண்டு முழுக்க மருந்து அடிக்கும் தோட்டங்கள் இடுக்கியில் சாதாரணம். புகைபோலத் தெளித்தது காற்றில் இறங்கும், மழைநீரோடும் வரும். அதனால்தான் சான்றுக்காக எழுதும் தோட்டத் திட்டத்தில் இடைவெளிப் பட்டையை வரைபடமாகக் காட்டச் சொல்கிறார்கள். நூறு மீட்டர் சதுரமான ஒரு ஹெக்டேரில், மேல் எல்லையில் எட்டு மீட்டர் விட்டால் போவது நூற்றில் எட்டுப் பங்கு நிலம். அங்கே செடி நிற்கலாம், காயும் பறிக்கலாம். ஆனால் அதைத் தனியாகப் பறித்து, தனியாக உலர்த்தி, சாதாரணக் காயாகத்தான் விற்க வேண்டும். நீரைத் திருப்ப ஒரு வாய்க்காலும் வேண்டும். எட்டு மீட்டர் என்பது என் உதாரணம்தான். சரிவையும் காற்றையும் பார்த்துத்தான் அகலம் முடிவாகும்.

"கணக்கு எழுதுவது கம்பெனிக்காரன் வேலை" என்பது அடுத்த வாதம். ஆய்வாளர் நோட்டை வைத்து என்ன செய்கிறார் என்று பார்த்தால் இப்படிப் பேசத் தோன்றாது. ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. பறிப்பு நோட்டில் 500 கிலோ பச்சைக்காய் இருந்து, விற்பனைச் சீட்டில் 140 கிலோ உலர்காய் இருந்தால், மிச்ச 40 கிலோ எந்தத் தோட்டத்துக் காய்? வேப்பம்புண்ணாக்குக்கும் இதே கதைதான்: வாங்கிய பில், இட்ட நாள், இட்ட இடம், மீதி மூட்டை எல்லாம் ஒத்துவர வேண்டும். உயிரி மருந்து என்று விற்கும் சில புட்டிகளில் ரசாயனம் கலந்திருப்பதும் உண்டு. பில்லும் தொகுதி எண்ணும் இல்லாவிட்டால் பழி உங்கள் மேல்தான்.

பூச்சி விஷயத்தில் ஒன்றும் செய்யாமல் விடுவதை இயற்கை முறை என்று நினைக்கிறார்கள். இலைப்பேன் காய்ந்த மட்டைக்குள்ளும் சரத்தின் அடியிலும் ஒளிகிறது. கவாத்து தவறினால் காயில் சொறி விழுந்து விலை சரியும். நிழலை அளவுக்கு மீறி வெட்டினாலும் பேன் கூடும். வேர்ப்புழுவுக்கு, அதன் தாய் வண்டு பறக்கும் கோடைமழைக் காலத்தில் வலை வைத்துப் பிடிப்பதே முதல் வேலை. அழுகலுக்கு அடிக்கும் போர்டோ கலவை அனுமதியுள்ளதுதான், ஆனால் கட்டுப்பாட்டோடு: அதிலுள்ள செம்பு மண்ணில் தங்கிவிடும். எவ்வளவு, எப்போது என்று முன்கூட்டியே திட்டத்தில் எழுதிச் சான்றளிப்பவரிடம் ஒப்புதல் பெற வேண்டும்.

செலவு சிறு விவசாயிக்குப் பாரம் என்பதை மட்டும் நான் மறுக்கவில்லை. அதற்காகத்தான் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தில் குழுச் சான்று இருக்கிறது. ஏலம் பல்லாண்டுப் பயிர் என்பதால் மாற்றக் காலம் மூன்று ஆண்டு. இருபது வருஷம் மருந்து தொடாதவரும், அதைக் காட்ட எழுத்து இல்லாவிட்டால், பதிவான நாளிலிருந்தே எண்ண வேண்டியிருக்கும். அடுத்த கவாத்துக்கு எத்தனை ஆள், எந்தப் பக்கம் என்பதையாவது இன்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.