என் மகளின் முகத்தைத் திருப்பிக் கொடுங்கள்

என் மகள் உயிரோடு இருக்கிறாள். ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னிவிட்டால்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவாள். அந்தியூர்த் தெருவில் அவள் சைக்கிள் ஓட்டும் வேகத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அப்பத்தா தினமும் என்னைத்தான் திட்டுகிறார். ஆனால் நிதி திரட்டும் உங்கள் இணையப் பக்கத்தில் அவள் இன்னும் செத்துக்கொண்டிருக்கிறாள். மொட்டைத் தலை, வீங்கிய கன்னம், பொத்தான் கழற்றிய சட்டை, நெஞ்சில் குழாய், கண் நிறையத் தண்ணீர். மேலே கொட்டை எழுத்தில் அவள் பெயரும் ஊரும். கீழே, “இந்தப் பிஞ்சுக்கு இன்னும் சில நாட்களே.”

அதை வகுப்பில் ஒரு பையன் எங்கோ பார்த்துப் படம் பிடித்து, கைக்குக் கை மாற்றிவிட்டான். அன்றைக்குச் சாயந்திரம் அவள் பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்று கேட்டாள்: “அம்மா, நான் சாகறாப்பல இருந்தனா? ஊருக்கெல்லாம் தெரியுமாமே, எனக்கு மட்டும் ஏம்மா சொல்லல?” பதினோரு வயசுக் குழந்தைக்கு இதை எப்படிச் சொல்லவேண்டும், எப்போது சொல்லவேண்டும் என்று நானும் அவள் அப்பாவும் யோசித்து வைத்திருந்தோம். சொல்லும் உரிமை எங்களுடையது. கேட்டு வைத்துக்கொள்வதா, வெளியே சொல்வதா என்று முடிவு செய்யும் உரிமை அவளுடையது. இரண்டையும் எடுத்துக்கொண்டுபோய் நீங்கள் விளம்பரம் போட்டீர்கள்.

அவளுக்கு நாலு வயதில் ரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு அதிகம் வருகிற வகை அது. இரண்டு, இரண்டரை வருஷம் விடாமல் மருந்து கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் குணமாகிவிடுகிற வகையும் அதுதான் என்று டாக்டர் முதல் நாளே உட்காரவைத்துச் சொன்னார். முதலமைச்சர் காப்பீட்டில் கீமோ ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நுரையீரலில் பூஞ்சைத் தொற்று வந்தது. ஐ.சி.யூ. வாடகையும் பூஞ்சைக்கான ஊசியும் சேர்ந்து காப்பீட்டைத் தின்று தீர்த்துவிட்டன. இன்னும் ஆறு லட்சம் கட்டவேண்டும் என்று பில்லிங்கில் தாள் நீட்டினார்கள். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிற மனுசனும் தையல் மிஷினில் உட்காருகிற நானும் ஆறு லட்சத்துக்கு எங்கே போவது? அப்போதுதான் நிதி திரட்டித் தருகிறோம் என்று உங்கள் ஆள் வார்டுக்கு வந்தார்.

வந்தவர் முதலில் கேட்டது டாக்டர் கடிதத்தை அல்ல. “மாஸ்க்கைக் கழட்டுங்கக்கா, மூஞ்சி தெரியோணும்” என்றார். அன்றைக்கு அவளுக்குக் கவுண்ட் இறங்கியிருந்தது. கிருமியை எதிர்க்கிற வெள்ளையணு 500-க்கும் கீழே. வாசலில் செருப்பைக் கழற்றி, கையைக் கழுவித்தான் நானே அவளைத் தொடுவேன். சொந்தப் பாட்டியைக்கூடக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திவைத்திருந்தோம். அந்தப் பிள்ளையின் மாஸ்க்கைத்தான் கழற்றச் சொன்னார். அவள் போட்டோ என்றதும் சிரித்தாள். எல்லாக் குழந்தையும் போலச் சிரித்து, பிஸ்கட்டைத் தூக்கிக் காட்டினாள். அந்தப் படம் ஆகாது என்று விட்டார். முதுகுத்தண்டில் மருந்து போடுகிற நாள் அது. “ஊசி போடற நேரம் வரைக்கும் இருக்கறனுங்க” என்று வெளி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஊசி முடிந்து, வலியில் சுருண்டு, என் தோளைத் தேடி அவள் கையை நீட்டினாள் பாருங்கள், அந்த நொடியைத்தான் எடுத்தார். நெஞ்சுக் குழாய் தெரியவேண்டும் என்று சட்டையை விலக்கியதும் அவர்தான். நாலு வயசானாலும் அவள் பெண் பிள்ளை. குளிப்பாட்டும்போது சித்தப்பா வந்தால் துண்டை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் பிள்ளை.

படத்தோடு நின்றதா? கதையும் வேண்டுமாம். “அவங்கப்பா குடிப்பாருங்களா? குடிப்பாருன்னு போட்டா நல்லா வருமுங்” என்று என்னிடமே கேட்டார். குடிக்காத மனுசனைக் குடிகாரனாக்க முடியவில்லை என்றதும், “மூன்று நாளாக அடுப்பு எரியவில்லை” என்று எழுதிக்கொண்டார். என் அண்ணன் தினமும் அந்தியூரிலிருந்து முதல் பஸ்ஸுக்குச் சோறு கட்டிக் கொடுத்தனுப்பினார். பங்காளி வீடு, மாமன் வீடு என்று முறை வைத்து ஆள் வந்து ராத்திரி துணைக்குப் படுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அண்ணன், “நாங்க உனக்குச் சோறு போடலியா அம்மணி?” என்று ஒரே வார்த்தைதான் கேட்டார். அதற்குமேல் பேசவில்லை. டாக்டர் குணமாகும் என்று சொன்ன நோயை நீங்கள் “கடைசி நாட்கள்” என்று எழுதினீர்கள். அது பொய். உயிருள்ள குழந்தைக்கு எழுதிய இரங்கல் அது.

சம்மதம் வாங்கினோம் என்கிறீர்கள். ஆம், என் போனுக்கு வந்த நம்பரைச் சொன்னேன், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பணம் கட்டினால்தான் அடுத்த ஊசி என்ற நிலையில், ராத்திரி முழுக்கத் தூங்காத தாயிடம், இங்கிலீஷில் அச்சடித்த தாளில் வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்தது? எதற்குச் சம்மதம்? எத்தனை நாளைக்கு? எந்தெந்த இடத்தில்? ஒன்றையும் சொல்லவில்லை. மறுத்தால் பணம் வராது என்பதை மட்டும் சொல்லாமல் சொன்னீர்கள்.

சட்டத்தைத் தேடிப் படித்தேன். வயிறு எரிந்தது. திருட்டு வழக்கில் பிடிபட்ட சிறுவனின் முகத்தையோ பெயரையோ பள்ளிக்கூடத்தையோ வெளியிட்டால் 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. அது சரியான சட்டம், நூறு முறை சரி. ஆனால் அப்பன் ஆத்தாவோடு இருக்கிற நோயாளிக் குழந்தை அந்தப் பிரிவுக்குள் வரமாட்டாள். அனுமதியில்லாமல் நோயாளியை அடையாளம் தெரியும்படி இதழில் வெளியிடக்கூடாது என்று 2002-லேயே மருத்துவர்களுக்கு ஒழுங்குவிதி போட்டிருக்கிறார்கள். அது டாக்டரைக் கட்டும். போனோடு வந்த உங்கள் ஆளைக் கட்டாது. துன்பத்தில் இருப்பவர்களை, முக்கியமாகக் குழந்தைகளை, கோரமாகக் காட்டி அவர்கள் கௌரவத்தைக் குலைக்கக்கூடாது என்று நிதி திரட்டும் விளம்பரங்களுக்கு இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2022-இல் நெறிமுறை வகுத்தது. என் மகள் படம் அதற்குப் பிறகும் ஓடியது.

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அழுகிற முகத்துக்குக் கூடுதலாகக் காசு விழுகிறது. டெபோரா ஸ்மால், நிக்கோல் வெரோச்சி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2009-லேயே அதைச் சோதித்து எழுதிவிட்டார்கள். சிரிக்கிற குழந்தையின் படத்தைவிட, சோகமான குழந்தையின் படத்துக்கு ஜனங்கள் அதிகம் கொடுத்தார்கள். 2021-இல் நம் பக்கத்து நாமக்கல் மாவட்டத்துக் குழந்தை ஒன்றுக்குத் தசைநார் நோய்க்கான 16 கோடி ரூபாய் மருந்து வாங்க ஊரும் உலகமும் கூடிக் கொடுத்தன. இறக்குமதி வரியையும் மத்திய அரசு தள்ளுபடி செய்தது. அந்தப் பெற்றோரை நான் ஒரு சொல் சொல்லமாட்டேன். 16 கோடி என்றால் எந்தத் தாயும் வீதிக்குத்தான் வருவாள். எங்களுக்குக் கொடுத்தவர்களையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவர்கள் பணத்தில்தான் அந்த ஊசி ஏறியது. என் ஆத்திரம் நடுவில் நின்று, எவ்வளவு அழுதால் எவ்வளவு விழும் என்று கணக்குப் பார்த்தவர்கள் மேல்.

முகமில்லாமல் எழுதினால் மோசடி என்று நினைப்பார்களாம். முகம் எப்போது ஐயா ஆதாரமானது? என் மகள் படத்தையே வேறொருவன் எடுத்து, வேறு பெயரும் தனக்குப் பணம் அனுப்பும் நம்பரும் போட்டு வாட்ஸாப்பில் சுற்றவிட்டான். முகம் தெரிந்ததால்தானே அது முடிந்தது? ஆதாரம் என்பது மருத்துவமனையின் மதிப்பீட்டுக் கடிதம். கூப்பிட்டுக் கேட்டால் “ஆமாம், இங்கே அனுமதியில் இருக்கிறது” என்று பதில் சொல்ல பில்லிங்கில் ஒரு ஆள். தனிக் கணக்கில் போடாமல் மருத்துவமனைக் கணக்கிலேயே பணம் சேருவது. அபூர்வ நோய்களுக்காக மத்திய அரசு 2021-இல் தொடங்கிய நிதி திரட்டும் தளத்தில்கூடப் பணம் சிகிச்சை தரும் மருத்துவமனைக்குத்தான் போகிறது. குடும்பத்தின் கைக்கு வருவதில்லை.

நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: “ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த நாலு வயதுக் குழந்தை. ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறாள், சிகிச்சை பலன் தருகிறது. நடுவில் வந்த பூஞ்சைத் தொற்றுக்காகக் காப்பீட்டுக்கு மேல் ஆறு லட்சம் தேவைப்படுகிறது. மருத்துவமனைக் கடிதம் இணைத்திருக்கிறோம், பெயரை மறைத்திருக்கிறோம். சந்தேகம் இருந்தால் பில்லிங் பிரிவைக் கேளுங்கள். பணத்தை மருத்துவமனைக் கணக்கில் கட்டுங்கள். தொகை சேர்ந்ததும் இதை எடுத்துவிடுவோம்.” படம் இல்லாமல் முடியாது என்றால் என் விரலைப் பிடித்திருக்கும் அவள் கையைப் போடலாம், பிஸ்கட்டைத் தூக்கிக் காட்டிய அந்தக் கையை. இதற்குக் காசு மெதுவாக வரும் என்பீர்கள். வரட்டும். மெதுவாக வருகிற நாட்களைத் தாங்க மருத்துவமனையோடு பேசித் தவணை வாங்கித் தருவதுதான் உங்கள் வேலையாக இருந்திருக்கவேண்டும். பிள்ளையின் சட்டையை விலக்குவது அல்ல.

எடுத்துவிடுங்கள் என்று கேட்டால், கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்டவேண்டும், அதனால் பக்கம் இருக்கும் என்று பதில் எழுதுகிறீர்கள். பேச்சை மாற்றாதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே வந்துவிட்டது. சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், தரவை அழிக்கச் சொல்லலாம் என்கிறது அது. 2025 நவம்பரில் விதிகளும் வெளியாகிவிட்டன. ஆனால் கம்பெனிகளின் முக்கியக் கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசமாம். உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு மறுநாள் காலையிலேயே போகவேண்டியவளுக்கு ஏது அவகாசம்? நாளைக்கு அவளுக்கு வரன் பார்க்கும்போதும் வேலைக்குப் போகும்போதும் அவள் பெயரைத் தட்டினால் முதலில் வந்து நிற்பது அந்தத் திறந்த நெஞ்சாகத்தான் இருக்கவேண்டுமா?

இந்த முறை கடிதத்தில் அவளும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அவளே கேட்டுப் போட்டாள். எவ்வளவு வந்தது, மருத்துவமனைக்கு எவ்வளவு போனது, விளம்பரத்துக்கு என்று நீங்கள் எவ்வளவு எடுத்தீர்கள் என்ற கணக்கை வைத்துக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் காட்டுங்கள். அந்தக் கணக்குக்கு அவள் முகம் வேண்டாம், பெயர் வேண்டாம், எங்கள் வீட்டு அடுப்பைப் பற்றிய பொய் வேண்டாம். படத்தையும், அதிலிருந்து வெட்டி விளம்பரம் செய்த துண்டுகளையும், உங்களிடம் வாங்கி மறுபடி போட்டவர்களிடம் இருப்பதையும் சேர்த்து எடுங்கள். எடுத்துவிட்டோம் என்று தமிழில் அவளுக்கு எழுதுங்கள்.