பதின்மூன்றாம் திருத்தம் சமஷ்டியாகாது



“பதின்மூன்றாம் திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்தினாற் போதும்; அதுவே பாதிச் சமஷ்டி” என்னும் வாதம் நம் ஒன்றுகூடல்களில் அடிக்கடி ஒலிக்கின்றது. நன்கு படித்தவர்களும் இதைச் சொல்வதுதான் எனக்கு வியப்பளிக்கின்றது. மாகாணத்துக்குரியதென எழுதப்பட்ட அதிகாரத்தை மத்தி தனித்து நின்று மீளப் பெற முடியுமாயின், பட்டியல் எவ்வளவு நீளமாயினும் அது ஒற்றையாட்சியே.

நாம் வாழும் ஒன்ராறியோவை எண்ணிப் பாருங்கள். நம் பிள்ளைகளின் பாடசாலைகள் மாகாணத்தின் பொறுப்பு. 1867ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அவ்வாறு வகுத்தது. ஒட்டாவா நாடாளுமன்றம் ஒருமனதாக வாக்களித்தாலும் அந்தப் பொறுப்பைத் தானாகப் பறிக்க முடியாது. மாகாணங்களின் சம்மதமும் வேண்டும்.

“இங்கும் மாகாண ஆளுநரை மத்திதானே நியமிக்கின்றது?” எனச் சிலர் மடக்குவர். உண்மைதான். ஆயினும் அவர் மாகாண முதல்வரின் ஆலோசனைப்படியே நடப்பவர். இலங்கையிலோ ஆளுநர் ஜனாதிபதியின் பிரதிநிதி. மாகாண ஊழியரின் நியமனமும் இடமாற்றமும் அவர் கையில். மாகாண நிதி தொடர்பான சட்டவரைவை அவரது பரிந்துரையின்றிச் சபையில் முன்வைக்கவும் இயலாது.

2012ஆம் ஆண்டின் திவிநெகும சட்டமூலத்தை நினைவுகூருங்கள். மாகாணங்களின் விடயங்களிலும் கைவைத்த அச்சட்டமூலத்தை எல்லா மாகாண சபைகளின் கருத்துக்கும் அனுப்ப வேண்டுமென உயர் நீதிமன்றம் கூறியது. வடக்கில் அப்போது தெரிவுசெய்யப்பட்ட சபையே இல்லை. எனவே ஆளுநரே இசைவு தெரிவித்தார்! மக்கள் சபையின் சம்மதத்தை ஜனாதிபதியின் நியமனதாரி வழங்கினார். அது செல்லாதென நீதிமன்றம் தீர்த்தது. பயன் என்ன? ஒரு சபை இணங்காவிடினும் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் நாடாளுமன்றம் சட்டமியற்றலாம் என்பது அதே பதின்மூன்றாம் திருத்தத்திலேயே உண்டு. 2013 ஜனவரி 8இல் சட்டமூலம் நிறைவேறியது. தீர்ப்பளித்த பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க சில நாள்களில் பதவி நீக்கப்பட்டார்.

சபை இல்லாதபோது நிகழ்ந்ததுதானே, இருந்தால் தடுத்திருக்கலாமே என்பீர்கள். வடக்கு ‘வேண்டாம்’ எனச் சொல்லியிருந்தாலும் அந்த மூன்றில் இரண்டு அப்படியேதான் இருந்திருக்கும். சபை இருப்பதும் இல்லாதிருப்பதும்கூடக் கொழும்பின் கையிலேயே உள்ளது. 2017இல் நாடாளுமன்றம் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றியது. புதிய எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் அதுவே நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. அவ்வாண்டு அக்டோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்தது. பின்னர் ஆண்டுகள் பல சென்றும் வாக்கெடுப்பு நிகழாமல் ஆளுநரே ஆண்டார். ஒன்ராறியோவின் தேர்தலை ஒட்டாவா இவ்வாறு நிறுத்தி வைக்க முடியுமா? அடுத்த முறை ‘பாதிச் சமஷ்டி’ என்பவரிடம் இதைக் கேளுங்கள்.