ஓரக்குறிப்பு எழுத மாட்டார்களாம்

என் மனைவி ஆறு வருடங்களாக, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பழங்களை வரிசை சேர்க்கும் ஒரு கைபேசி விளையாட்டை ஆடி வருகிறாள். போன மாதம் 2,314-ஆம் கட்டத்தில் இருந்தாள். பழைய கைபேசியின் திரை விரிசல் விட்டதால் புதியது வாங்கினோம். அதில் அதே விளையாட்டைத் திறந்தால் 1-ஆம் கட்டம்.

"என்னங்க, எல்லாம் போயிடுச்சா?" என்றாள்.

போகவில்லை. வேறு பெயரில் கிடந்தது. ஆரம்பத்தில் என் தம்பி மகன் தன் பழைய எண்ணைக் கொடுத்து, அவள் பெயரில் ஒரு சமூக வலைத்தளக் கணக்கைத் திறந்து, விளையாட்டை அதோடு இணைத்திருந்தான். அந்த எண்ணை அவன் விட்டு நாளாயிற்று; கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை. புதிய கைபேசியிலோ என் மின்னஞ்சல் கணக்குதான் இருந்தது. விளையாட்டு அதைத் தானாகப் பிடித்துக்கொண்டு புதுக் கணக்கு போட்டுவிட்டது.

விளையாட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். விளையாட்டின் அமைப்புகள் பக்கத்தில் உள்ள Player ID எண், கடைசியாக ஆடிய கட்டம், 2 முறை பணம் கட்டி 'உயிர்' வாங்கியதற்கு என் மின்னஞ்சலுக்கு வந்த ரசீதுகள், அவற்றில் GPA என்று தொடங்கும் ஆர்டர் எண்கள் எல்லாம் கொடுத்தேன். பதில் நான்கு வரி: இணைத்த கணக்கின் வழியாகவே உள்ளே வரவேண்டும், பாதுகாப்புக் காரணத்தால் மாற்ற இயலாது.

இங்கேதான் எனக்குக் கோபம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, அரசு அலுவலகத்தில் பதிவேடுகளோடு காலம் தள்ளியவன் நான். பிரெஞ்சுக்காரர்களின் பிறப்புப் பதிவேட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருவருக்குக் கல்யாணம் ஆனாலும், விவாகரத்து ஆனாலும், மூலப்பதிவை அடிப்பதில்லை; அதன் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதுவார்கள். ஆள் அவரேதான், நிலைமை மாறியது, அவ்வளவே. விளையாட்டிலும் அப்படித்தான். 2,314 கட்டங்களும் நிறுவனத்தின் கணினியில் அந்த Player ID எண்ணின் கீழ் இருக்கின்றன. சமூக வலைத்தளக் கணக்கு அதைத் திறக்கும் சாவி மட்டுமே. சாவியை மாற்ற ஒரு ஓரக்குறிப்பு போதும்.

திருடன் வந்து கேட்டால் என்ன செய்வது என்பார்கள். நியாயமான பயம்தான், அடுத்தவர் கணக்கைப் பறித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அதற்காகத்தானே ஆதாரம் கேட்பது? ரசீதைச் சரிபார்த்து, பழைய கணக்குக்கு ஒரு அறிவிப்பு அனுப்பி, 15 நாள் ஆட்சேபணைக்கு விட்டுப் பிறகு மாற்றலாமே. பணம் வாங்கும்போது 'நீ யார்' என்று கேட்காதவர்கள், திருப்பிக் கேட்கும்போது மட்டும் சட்டம் பேசுகிறார்கள்.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது விரிசல் விட்ட பழைய கைபேசி. அதில் விளையாட்டு இன்னும் திறந்தே இருந்தது. என் கணக்கோடு இணைக்கப் பார்த்தேன். திரையில் இரண்டு பெட்டிகள் வந்தன: 3-ஆம் கட்டம், 2,314-ஆம் கட்டம், எதை வைத்துக்கொள்வது? இரண்டையும் கூட்டித் தரமாட்டார்கள். ஒன்றைத் தேர்ந்தால் மற்றது அழியும். கை நடுங்கியது. எதையும் தொடாமல் வெளியே வந்தேன்.

பிறகு மனைவியின் பெயரிலேயே, அவளுடைய எண்ணைக் கொடுத்து, புதிய மின்னஞ்சல் கணக்கு திறந்தேன். அதில் இந்த விளையாட்டே இல்லாததால் மோதலுக்கு இடமில்லை. பழைய கைபேசியின் அமைப்புகளில் அதை இரண்டாவது சாவியாகச் சேர்த்தேன். ஒரு ஆட்டம் ஆடவைத்து, முன்னேற்றம் சேமிக்கப்பட்டதைப் பார்த்துக்கொண்டேன். பிறகு புதிய கைபேசியில் என் கணக்கிலிருந்து வெளியேறி, அவள் கணக்கில் நுழைந்தேன். 2,315 என்று வந்தது.

பழைய கைபேசியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருந்தாலோ, 'சரியாகிவிடும்' என்று விளையாட்டை நீக்கியிருந்தாலோ, அல்லது அதன் சேமிப்பை அழித்திருந்தாலோ, அந்த வழி அடைபட்டிருக்கும். ஆகவே உங்கள் வீட்டில் யாராவது ஆடிக்கொண்டிருந்தால், இன்றே அமைப்புகளைத் திறந்து எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். Player ID எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். 2 வருடம் தொடாத தனிநபர் கணக்கை கூகுள் நீக்கலாம் என்பது 2023 முதல் உள்ள விதி. மறந்துபோன மின்னஞ்சலில் விளையாட்டு தொங்கிக்கொண்டிருந்தால் அதையும் ஒருமுறை திறந்துவிடுங்கள்.

ஒரு குமாஸ்தா இரண்டு நிமிடத்தில் எழுதும் ஓரக்குறிப்பு. அதை எழுத மறுத்தவர்களால், ஒரு கிழவர் மூன்று நாள் அலைந்தார். என் மேஜைக்கு வந்த கோப்பை இப்படித் திருப்பி அனுப்பியிருந்தால் எனக்கு மெமோ வந்திருக்கும்.