பதினெட்டுத் துளி நீர்

சேதன இரசாயன ஆய்வுகூடத்தில் நாம் கழித்த பருவம் சென்ற வாரத்துடன் முடிவெய்தியது. இன்று காலை, தேநீர் ஆறும் வரையில், அப்பருவத்துக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தோம். நடுவே ஒரு பக்கம் மஞ்சட் கறை படிந்து கிடக்கின்றது. அதில் ஒரே ஒரு வரிதான் உள்ளது: “கிடைத்தது 0.8 கிராம், கிடைத்திருக்க வேண்டியது 6.1 கிராம்.” அப்பக்கத்தின் கதையை இவ்வாரம் எழுதிவைக்க எண்ணுகின்றோம்.

அன்று செய்ய வேண்டியிருந்தது கிரிக்னாட்டின் தாக்கம். விக்டர் கிரிக்னாட் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1900ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை அது. அதற்காக 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மகனீசியம் என்னும் உலோகத்தை, நீர் சிறிதும் கலவாத ஈதரில் இட்டு, அதனுடன் புரோமோபென்சீனைச் சேர்த்தால் ஒரு சோதனைப்பொருள் உண்டாகும். அதனை உலர்பனிக்கட்டியின் மேல், அதாவது உறைந்த காபனீரொட்சைட்டின் மேல், ஊற்றிப் பின்னர் அமிலஞ் சேர்த்தால் பென்சோயிக்கமிலம் கிடைக்கும். நாம் எடுத்தவை 1.2 கிராம் மகனீசியமும் 7.9 கிராம் புரோமோபென்சீனும். இவற்றிலிருந்து குறைவின்றி வந்தால் 6.1 கிராம் அமிலம் வரவேண்டும்.

இச்சோதனைப்பொருளுக்கு நீர்தான் பரம வைரி. நீரைக் கண்டவுடன் அது வெறும் பென்சீனாக மாறிவிடும். எவ்வளவு நீர் போதும் என்று பின்னர் கணக்கிட்டுப் பார்த்தோம். 0.9 கிராம் நீர், ஏறக்குறையப் பதினெட்டுத் துளி, நம்முடைய முயற்சி முழுவதையும் அழித்துவிடப் போதுமானது. இக்கணக்கை முதல் நாளே போட்டிருந்தால் இக்கட்டுரைக்கு இடமிருந்திராது.

முதல் நாள் நடந்தது இது. குடுவையைக் கனலடுப்பில் உலர்த்தினோம், அது சரியே. ஆனால் வெளியே எடுத்து மேசையில் திறந்து வைத்துவிட்டு, ஈரத்தைத் தடுக்கும் நீரற்ற கல்சியங்குளோரைட்டுக் குழாயைத் தேடி அறையெங்கும் அலைந்தோம். மழைக்காலத்துக் காற்று குடுவைக்குள் தாராளமாகப் புகுந்தது. ஒடுக்கியில் குளிர்ந்த நீரை ஓடவிட்டதும் அதன் வெளிப்புறம் பனித்து, துளிகள் வழிந்து மூட்டை நோக்கி இறங்கலாயின. அதையும் நாம் கவனித்தோமில்லை.

புரோமோபென்சீனிற் சிறிதளவை இட்டுக் காத்திருந்தோம். ஒன்றும் நிகழவில்லை. பத்து நிமிடம் கழிந்தது. பக்கத்து மேசைத் தோழரின் குடுவை கலங்கிக் கொதிக்கத் தொடங்கிவிட்டது. மூன்று மணி நேர வகுப்பு நழுவிக்கொண்டிருந்தது. நாம் பொறுமையிழந்து மீதி முழுவதையும் ஒருமிக்க ஊற்றிவிட்டோம். சற்று நேரத்தில் தாக்கம் தொடங்கியது. ஆனால் அனைத்தும் ஒரே வேளையில் தொடங்கியது. ஈதர் சுமார் 35 பாகையிலேயே கொதிப்பது. தாக்கமோ தானாக வெப்பத்தை வெளிவிடுவது. நுரை ஒடுக்கியின் வழியே மேலேறி வெளியே சிந்தியது. குறிப்பேட்டின் கறை அவ்வாறு வந்ததே. அருகே சுவாலை எதுவும் இல்லாதது நம்முடைய நல்லூழ். ஈதரின் ஆவி மிக எளிதில் தீப்பற்றும்.

சிந்தியது ஒரு நட்டம். மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது. புரோமோபென்சீன் மிகுதியாக இருக்குமிடத்தில், உண்டான சோதனைப்பொருள் அதனுடனேயே சேர்ந்து இருபீனைல் என்னும் வேண்டாத பொருளாகிவிடும். இறுதியில் கிடைத்த அமிலத்தின் சூடான கரைசலையும் அவசரமாகப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தினோம். மஞ்சள் நிறத் தூள் படிந்தது. தூய பென்சோயிக்கமிலம் 122 பாகையில் உருகும். நம்முடையது 112இல் இளகத் தொடங்கி 118இல்தான் முழுவதும் உருகியது. உருகுநிலை தாழ்ந்தும் விரிந்தும் காணப்பட்டால் மாசு உண்டென்பது பொருள்.

போதனாசிரியர் அத்தூளைப் பார்த்துக் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, எந்தப் படியில் நீர் நின்று மூச்சுவிடலாம், எந்தப் படியில் விடக்கூடாது என்று எழுதிக்கொண்டு வாரும். பிறகு திரும்பச் செய்யலாம்” என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு எழுத உட்கார்ந்தபோதுதான் திட்டம் என்பது யாதென விளங்கியது. அதுவரை கைந்நூலின் படிகளை வரிசையாகப் பிரதிசெய்வதையே திட்டமென எண்ணியிருந்தோம். இப்போது இரு நிரல்கள் வகுத்தோம். காத்திருக்கக்கூடிய படிகள் ஒரு புறம்: காரத்திற் கரைந்த அமிலத்தை மூடிவைத்து மறுநாளும் தொடரலாம், ஈரமான பளிங்குகளை ஒரு வாரமும் உலரவிடலாம். காத்திராத படிகள் மறுபுறம்: குடுவை கனலடுப்பை விட்டு வந்த கணம் முதல் உலர்பனிக்கட்டியின் மேல் ஊற்றும் வரை இடையில் நிற்க வழியில்லை. ஆகவே அப்பகுதிக்கு வேண்டிய யாவும் குடுவை வெளியே வருமுன் மேசையில் இருத்தல் வேண்டும். உலர்பனிக்கட்டியை மட்டும் முன்கூட்டி நொறுக்கலாகாது. ஈரக் காற்றில் அதன்மேல் உறைபனி படியும், அந்த உறைபனியும் நீரே.

இரண்டாம் முறை குடுவையைச் சூட்டுடனேயே பொருத்தி, குழாயை மாட்டி ஆறவிட்டோம். ஒடுக்கியின் அடியிற் பஞ்சுத்துணி சுற்றினோம். மகனீசியத்திற் சில துண்டுகளைக் கண்ணாடிக்கோலால் நசுக்கிப் புதிய பரப்பை வெளிப்படுத்தி, ஓர் அயடீன் பளிங்கையும் இட்டோம். புரோமோபென்சீனில் ஒரு சிறு பகுதியை மட்டும் சேர்த்து, குடுவையை உள்ளங்கையால் ஏந்தினோம். ஈதருக்கு அந்தச் சூடே போதும். எட்டு நிமிடம் சென்றது. அயடீனின் கபில நிறம் மங்கியது; உலோகத்தின் ஓரத்தில் நுண்குமிழிகள் எழுந்தன; திரவம் கலங்கியது. அவ்வடையாளங்களைக் கண்ட பின்னரே மீதியைத் துளித்துளியாக அரைமணி நேரம் விட்டோம். ஈதர் மெல்லக் கொதித்துக்கொண்டே இருந்தது, மிஞ்சவுமில்லை, ஓயவுமில்லை.

அமிலஞ் சேர்த்த பின் ஈதர்ப் படையைக் காரத்துடன் குலுக்கினோம். பென்சோயிக்கமிலம் உப்பாகி நீருக்குள் வந்தது. இருபீனைல் ஈதரிலேயே தங்கிவிட்டது. நீர்ப்படைக்கு மீண்டும் அமிலமிட, வெண்ணிறப் படிவு விழுந்தது. 100 மில்லிலீற்றர் கொதிநீர் 5 கிராமுக்கு மேற்பட்ட பென்சோயிக்கமிலத்தைக் கரைக்கும். ஆறிய நீரோ அரைக் கிராமையும் கரைக்காது. அந்த வேறுபாட்டிலே தூய்மையாக்கும் வழி அடங்கியுள்ளது. சூடான கரைசலை மூடி, மேசையின் மூலையில் வைத்துவிட்டு, முக்கால் மணி நேரம் அதைத் தொடவில்லை.

பனங்கற்கண்டுக்குப் பாணியைக் காய்ச்சி வைத்த பானையை அசைக்கவிடாத அப்பாச்சியின் முகம் அப்போது நினைவுக்கு வந்தது. பளிங்கு மெல்ல வளர்கையில் தன்னையொத்த மூலக்கூற்றையே தேடிச் சேர்க்கும். விரைந்து விழுகையில் மாசையும் அணைத்துக்கொண்டு விழும். அப்பாச்சிக்கு இக்காரணம் தெரியாது, செய்முறை தெரியும்.

உலர்ந்தபின் நிறுத்தோம். 3.9 கிராம், நூற்றுக்கு 64. உருகுநிலை 121 முதல் 122 வரை. வகுப்பில் இதைவிட மிகுதியாகப் பெற்றோர் இருவர் இருந்தனர். நாம் இழந்த பங்கில் ஒரு பகுதி வடிநீரிற் கரைந்து போயிற்று. ஒரு பகுதி இருபீனைலாயிற்று. எஞ்சியது, எவ்வளவு காத்தும் புகுந்துவிட்ட ஈரத்துக்கு இரையாயிற்று.

பொறுமை என்றால் கைகட்டி இருப்பதென்று முன்னர் நினைத்திருந்தோம். அந்த எட்டு நிமிடமும் நம் கண் குடுவையை விட்டு அகலவில்லை. மஞ்சட் கறைப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று ஒரு கணம் எண்ணினோம். வேண்டாமென விட்டு, அதன் கீழே “பதினெட்டுத் துளி” என்று எழுதி வைத்தோம். தேநீர் ஆறிவிட்டது.