ரிங்கிட் 500-ஐத் தாண்டிய குத்துவிளக்கு

பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் கும்பகோணம் பக்கத்து நாச்சியார்கோவிலிலிருந்தே குத்துவிளக்கை வரவழைப்போர் இப்போது அதிகம். கல்யாணச் சீராகக் கொடுக்கும் விளக்கு என்றால் மனம் அங்கேதான் போகிறது. ஆனால் அந்த விளக்கின் விலை ரிங்கிட் 500-க்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதைப் பொறுத்து வரி தலைகீழாக மாறுகிறது. அந்த மாற்றம் நியாயமாக இல்லை என்பது என் கருத்து.

முதலில் ரிங்கிட் 480 விலையுள்ள விளக்கைப் பார்ப்போம். பித்தளை கனமான பொருள். விமானக் கூலி 150, காப்புறுதி 10 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ரிங்கிட் 500-க்கு மேற்போகாத விலையில் இணையம்வழி வெளிநாட்டிலிருந்து வாங்கும் பொருளுக்கு, 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. இறக்குமதி வரி கிடையாது. அந்த 10 விழுக்காடும் பொருளின் விலைக்கு மட்டும்தான். அனுப்பும் கூலி கணக்கில் வராது. ஆக வரி 48 ரிங்கிட். விற்பவரே அதை வசூலித்துச் சுங்கத் துறைக்குக் கட்டிவிடுவார். ஆண்டுக்கு 500,000 ரிங்கிட்டுக்கு மேல் இப்படி மலேசியாவுக்கு விற்பவர்தான் பதிந்துகொள்ள வேண்டும் என்பதால், சிறு பட்டறைக்காரரிடம் நேரடியாக வாங்கினால் அந்த 48-ம் இருக்காது.

அடுத்து, சற்றுப் பெரிய விளக்கு. விலை 520. கூலியும் காப்புறுதியும் அதேதான். இப்போது கணக்கு 520-இல் தொடங்குவதில்லை. பொருள், காப்புறுதி, கூலி மூன்றையும் கூட்டிய 680 ரிங்கிட்டைத்தான் சுங்கத் துறை மதிப்பாக எடுத்துக்கொள்கிறது. இறக்குமதி வரி பொருளுக்குப் பொருள் மாறும்; கணக்குக்காக 20 விழுக்காடு என்று கொள்வோம். அது 136 ரிங்கிட். இரண்டையும் கூட்டினால் 816. விற்பனை வரி 10 விழுக்காடு இந்த 816-க்குத்தான், 520-க்கு அல்ல. அது 81.60. மொத்த வரி 217.60.

விலையில் வித்தியாசம் 40 ரிங்கிட். வரியில் வித்தியாசம் 169.60!

பலர் 20-ஐயும் 10-ஐயும் கூட்டி, 520-க்கு 30 விழுக்காடு, அதாவது 156 என்று மனக்கணக்குப் போடுகிறார்கள். கூரியர்காரர் 217.60 கேட்டதும் ஏமாற்றுகிறார்கள் என்று கோபம் வருகிறது. கூலிக்கும் வரி, வரிக்கும் வரி என்பதுதான் அந்த இடைவெளி. இந்தியாவிலும் இதே அடுக்குமுறைதான், இன்னும் ஒரு படி கூடுதலாக. 100 ரூபாய் மதிப்புக்கு 10 விழுக்காடு சுங்க வரி என்றால், 2018 முதல் உள்ள சமூகநலக் கூடுதல் வரி அந்த 10 ரூபாயில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1 ரூபாய். பிறகு 18 விழுக்காடு ஜிஎஸ்டி 111 ரூபாய்க்கு. மொத்தம் 30.98. கூடுதல் வரியை முழு மதிப்புக்கும் போட்டுவிட்டுத் தலையைச் சொறிபவர்கள் அங்கும் உண்டு.

உள்ளூர் வணிகர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் விளக்கு விற்பவரும் கூலியைச் சேர்த்த மதிப்புக்குத்தான் வரி கட்டுகிறார். இணையத்தில் வாங்குபவருக்கு மட்டும் ஏன் சலுகை என்று அவர் கேட்கலாம். ஆனால் அவர் சரக்கு கப்பலில் கொள்கலனாக வருகிறது. ஒரு விளக்குக்கு விழும் கூலி சொற்பம். விமானத்தில் ஒற்றை விளக்காக வரும்போது கூலியே விலையில் கால் பங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. அதே விலையில் ஒரு சேலை வந்தால், எடை குறைவு என்பதால் அதற்கு இவ்வளவு வரி ஏறாது. கனமான பொருளை வாங்கியதுதான் குற்றமா?

500 என்ற கோடு இருக்கட்டும். கோட்டைத் தாண்டினாலும், தனிப்பட்ட பயனுக்கு வாங்கும் ஒற்றைப் பொருளுக்குக் கூலியைச் சேர்க்காமல் விலைக்கு மட்டும் வரி போடலாம். அதே 520 விளக்குக்கு இறக்குமதி வரி 104, விற்பனை வரி 62.40, மொத்தம் 166.40 ஆகும். அரசுக்கு வருமானம் வரும். வாங்குபவருக்கும் அதிர்ச்சி குறையும். இன்றைய முறையில் பாருங்கள், "பில்லில் 490 என்று எழுதிக் கொடுங்கள்" என்று விற்பவரிடம் கேட்கும் ஆசைதான் வளர்கிறது. அது பொய் அறிவிப்பு. சுங்கச் சட்டப்படி குற்றம். எழுதிய விலையைச் சுங்க அதிகாரி ஏற்காமல் வேறு மதிப்பும் போடலாம்.

அதுவரை, கூரியர் நிறுவனம் ஒரே தொகையாகக் கேட்டால் அப்படியே கட்டிவிடாதீர்கள். கே1 எனப்படும் இறக்குமதி அறிவிப்புப் பாரத்தின் நகலைக் கேளுங்கள். மதிப்பு, வரி விகிதம், விற்பனை வரி மூன்றும் அதில் தனித்தனியாக இருக்கும். அவற்றைக் கூட்டிப் பார்த்து மீதம் நிற்பது கூரியர் நிறுவனத்தின் சொந்தச் சேவைக் கட்டணம். அது வரி அல்ல. எதற்காக என்று அவர்களிடமே கேட்கலாம்.